கால் மாத்திரையும் ஒரு குழந்தையின் எடையும்

புதன்கிழமை என்றால் எங்களுக்கு ஊசி நாள். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், செவ்வாய் இரவே பழைய செய்தித்தாளை உள்ளங்கை அளவுக்குச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்துக்கொள்வேன். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரைகளை நான்காக உடைத்து, காகிதத்துக்கு எட்டுத் துண்டுகள் வீதம் மடித்து வைப்பேன். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று முத்தடுப்பு ஊசிக்கு வரும் ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு பொட்டலம். "ஊசி போட்டா ஜுரம் வரும்மா. வீட்டுக்குப் போனதும் ஒரு கால் மாத்திரை, அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு, ரெண்டு நாளைக்கு." எனக்கு முன்னால் இருந்த அக்கா இப்படித்தான் சொல்வார். நானும் அப்படியே சொன்னேன்.

அந்த மாத்திரையின் நடுவில் ஒரு கோடுதான் உண்டு. கோட்டில் உடைத்தால் சரிபாதியாக விழும். பாதியை மறுபடி உடைக்கும்போது ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சின்னதாகவும் போகும், கொஞ்சம் தூளாக உதிரும். வீட்டில் அதைத் தாய்ப்பாலில் கரைத்துச் சங்கில் புகட்டுவார்கள். பாதி மருந்து சங்கின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதையும் வீணாக்கக் கூடாதென்று இன்னும் கொஞ்சம் பால் விட்டு அலசிக் கொடுப்பார்கள். ஆகவே குழந்தைக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. அப்போது எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

2003-ஆம் ஆண்டு ஒரு வியாழக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். துணை சுகாதார நிலையத்தை ஒட்டியே என் வீடு. ஒரு ஆயா குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே குழந்தையின் அம்மா. "நர்சம்மா, புள்ள பாலே குடிக்கல. துவண்டு கெடக்குது." முந்தின நாள் காலையில் நான் முதல் ஊசி போட்ட பெண் குழந்தை அது. தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. "ஜுரம் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டேன். ஆயா சொன்ன பதில் இருபது வருடம் கழித்தும் என் காதில் இருக்கிறது. "ஜுரமே வரலம்மா. நீ குடுக்கச் சொன்னியே, அதான் நேரம் தவறாம குடுத்தோம். இப்போ ஆறு மணிக்குக் குடுத்ததோட ஆறு வேளை ஆச்சு."

இருந்த வண்டியைப் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டர் முதலில் கேட்டது மாத்திரையைப் பற்றி அல்ல. "குழந்தை எடை என்ன?" என் பதிவேட்டில் இருந்தது: 4.2 கிலோ. நானே எடை பார்த்து எழுதியதுதான். ஆனால் அந்த எண்ணுக்கும் நான் மடித்துக் கொடுத்த பொட்டலத்துக்கும் தொடர்பு உண்டு என்று அதுவரை நினைத்ததே இல்லை. சீட்டின் பின்பக்கம் அவர் கணக்கைப் போட்டுக் காட்டினார். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, குழந்தையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் வரைதான். 4.2 கிலோவுக்கு அதிகபட்சம் 63. கால் மாத்திரை என்பது 125. அதாவது ஒவ்வொரு வேளையும் இரண்டு மடங்கு. ஒரு நாள் முழுக்க நான்கு வேளை கொடுத்தாலும் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இந்தக் குழந்தைக்கு ஏறக்குறைய 250. அதற்கு ஒன்றே கால் நாளுக்குள் 750 போயிருந்தது.

பாராசிட்டமாலைக் கல்லீரல்தான் கரைத்து வெளியேற்ற வேண்டும். அளவு மீறி அடுத்தடுத்து போகும்போது கல்லீரலால் ஈடுகொடுக்க முடியாது. நஞ்சான பொருள் தேங்கி கல்லீரலையே அரிக்கும். பயங்கரம் என்னவென்றால், முதல் ஒரு நாளில் பெரிதாக எதுவும் வெளியே தெரியாது. ஆகவே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, இரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் பால் குடித்துக்கொண்டே வீடு வந்தது. குழந்தை துவண்டதற்கு மருந்துதான் காரணமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த உறுதி தேவைப்படவும் இல்லை. வராத காய்ச்சலுக்கு இரட்டிப்பு மருந்து கொடுக்க வைத்தவள் நான். அடுத்த செவ்வாய் இரவு காகிதம் கிழிக்கவில்லை.

மாத்திரையை விட்டுத் திரவ மருந்துக்கு வந்தபோது பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். வேறு வடிவத்தில் வந்தது. மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மூன்று விதப் புட்டியில் கிடைக்கிறது. சின்னப் புட்டி, உறிஞ்சு குழாயோடு வருவது, ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சாதாரண சிரப், ஐந்து மில்லியில் 120 அல்லது 125. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான சிரப், ஐந்து மில்லியில் 250. மூன்றிலும் மருந்து ஒன்றுதான், பல சமயம் நிறமும் வாசனையும்கூட ஒன்றுதான். அதே 4.2 கிலோ குழந்தைக்கு 50 மில்லிகிராம் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். சின்னப் புட்டியில் அரை மில்லி. சாதாரண சிரப்பில் இரண்டு மில்லி. கெட்டி சிரப்பில் ஒரு மில்லி. சின்னப் புட்டிதான் மூன்றிலும் கெட்டியானது என்பதை யாரும் நம்புவதில்லை. சின்னக் குழந்தைக்குச் சின்னப் புட்டி, ஆகவே அது லேசான மருந்து என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் இந்தக் குழப்பம் தாங்காமல், 2011-இல் மருந்து நிறுவனங்கள் கெட்டியான சொட்டு மருந்தையே விட்டுவிட்டு, குழந்தைகளுக்கெல்லாம் ஒரே அடர்த்தி என்று மாற்றிக்கொண்டன. நம் ஊரில் மூன்றும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

ஒரு தாய்க்கு இதை வாயால் சொல்லி அனுப்பினால் போதாது என்று எனக்குத் தெரிய வந்த விதம் இது. மூன்றரை மாத ஊசிக்கு வந்த ஒரு பெண்ணிடம், முந்தைய ஊசிக்கு மருந்து கொடுத்தாயா என்று கேட்டேன். "குடுத்தேன் நர்சம்மா, அரை ஸ்பூன்" என்றாள். எந்த மருந்து என்றதும் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். சின்னப் புட்டி. உறிஞ்சு குழாய் உடைந்துபோயிருந்தது. பெரிய பிள்ளைக்கு வாங்கிய சிரப்போடு வந்த ஐந்து மில்லி கரண்டியில் பாதி அளந்திருக்கிறாள். இரண்டரை மில்லி, 250 மில்லிகிராம். அவள் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதும் கொடுக்கக்கூடியதை ஏறக்குறைய ஒரே வேளையில் கொடுத்திருக்கிறாள். நல்ல வேளையாக ஒரு தடவையோடு நிறுத்திவிட்டாள், குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை.

அன்று முதல் என் மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரும் ஊசி இல்லாத இரண்டு மில்லி சிரிஞ்சும் இருக்கும். எடை பார்த்து, கணக்குப் போட்டு, அளவைத் தாய் சேய் நல அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன். புட்டியின் பெயரை எழுத மாட்டேன், "1 மில்லியில் 100" என்று அடர்த்தியைத்தான் எழுதுவேன். பிறகு சிரிஞ்சைத் தாயின் கையில் கொடுத்து, "அரை மில்லி எடுத்துக் காட்டு" என்பேன். பத்தில் இரண்டு மூன்று பேர் 0.5 கோட்டில் நிறுத்தாமல் 1.5-க்கோ 2-க்கோ இழுத்துவிடுவார்கள். தண்ணீரில் நடந்த தவறு யாரையும் ஒன்றும் செய்யாது. அடுத்த முறை குழந்தை வரும்போது எடை கூடியிருக்கும், பழைய எண்ணை அழித்துப் புதிதாக எழுதுவேன். பென்சில் அதற்காகத்தான்.

2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி வந்தது. அதிலும் கக்குவான் இருமலுக்கான பகுதி முழுக் கிருமியைக் கொன்று செய்ததுதான், பழைய முத்தடுப்பு ஊசியில் இருந்ததைப் போலவே. காய்ச்சலும் தொடையில் வீக்கமும் பெரும்பாலும் அந்தப் பகுதியால் வருகிறவை. ஊசி போட்ட குழந்தைகளில் பாதி வரைக்கும் காய்ச்சல் வரலாம். இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். மீதிப் பாதிக்கு வராது. எல்லோருக்கும் முன்கூட்டியே மருந்து என்றால், அந்த மீதிப் பேருக்கு எதற்காகக் கொடுக்கிறோம்?

இந்தக் கேள்வியை எங்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் மருத்துவ அலுவலர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. "கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்போதுதான் செக் குடியரசில் நடந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். ரோமன் பிரிமுலா என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 459 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஊசி போட்ட கையோடு ஆரம்பித்து, ஒரு நாளைக்குள் மூன்று வேளை பாராசிட்டமால். இன்னொரு பிரிவுக்கு முன்கூட்டிக் கொடுப்பதில்லை. 2009-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. காய்ச்சல் குறைந்தது உண்மை: மருந்து வாங்கிய பிரிவில் நூற்றுக்கு 42 பேருக்கு வந்தது, வாங்காத பிரிவில் 66 பேருக்கு. ஆனால் இரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, மருந்து வாங்கிய குழந்தைகளிடம் பல நோய்களுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் குறைவாக ஊறியிருந்தது. நிமோனியாக் கிருமி, தொண்டை அடைப்பான், ரண ஜன்னி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இன்னொன்றும் தெரிந்தது. கடுமையான காய்ச்சல், 39.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போவது, இரண்டு பிரிவிலுமே அபூர்வம். எதைக் கண்டு பயந்து மருந்து கொடுத்தோமோ, அது மருந்து கொடுக்காதவர்களுக்கும் அநேகமாக வரவில்லை.

வீட்டுப் பேச்சில் இதை நான் இப்படிச் சொல்வேன். ஊசியில் போவது பாடம். உடம்பு அந்தப் பாடத்தைப் படிக்கிற முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் சூடு ஏறும். படிக்க உட்கார்ந்த உடனேயே விளக்கைத் தணித்தால் பாடம் கொஞ்சம் குறையும். படித்து முடித்த பிறகு தணித்தால் பரவாயில்லை. போலந்தில் பின்னால் நடந்த ஓர் ஆய்வும் இதை ஒட்டித்தான் இருக்கிறது: ஊசியோடு சேர்த்துத் தொடங்கிய பாராசிட்டமால் நிமோனியா ஊசியின் சில வகைகளுக்கு எதிர்ப்பைக் குறைத்தது, ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்துத் தொடங்கியது குறைக்கவில்லை. காய்ச்சல் வந்த பிறகு கொடுக்கிற தாய் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை என்பதற்கு இதுவே எனக்குப் போதுமான ஆதாரம்.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டால் தவறாகிவிடும். செக் நாட்டுக் குழந்தைகளில் மருந்து வாங்கியவர்களும் பெரும்பாலோர் பாதுகாப்புக்குப் போதுமான அளவை எட்டியிருந்தார்கள். குறைந்தது, அற்றுப் போகவில்லை. இதைச் சொல்லாததால் ஒரு தகப்பனார் என்னிடம் வந்து கலங்கி நின்றார். நகரத்தில் வேலை. யாரோ சொன்னார்களென்று ஊசிக்கு அரை மணி நேரம் முன்பே சிரப் கொடுத்துக் கூட்டி வருவது அவர் வழக்கம். நான் விளக்கியதும், "அப்போ மூணு ஊசியும் வீணா சிஸ்டர்? திரும்பப் போடணுமா?" என்றார். வீணில்லை, திரும்பப் போட வேண்டியதுமில்லை, இனிமேல் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினேன்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பிரிட்டனில் 2015-இல் மூளைக்காய்ச்சல் பி வகைக் கிருமிக்கான ஊசியைக் கைக்குழந்தைகளுக்குத் தொடங்கினார்கள். அதை மற்ற ஊசிகளோடு சேர்த்துப் போடும்போது காய்ச்சல் மிக அதிகம் வந்தது, பாராசிட்டமால் அந்த ஊசியின் பலனைக் குறைக்கவில்லை என்றும் பார்த்துவிட்டார்கள். அதனால் அங்கே அந்த ஊசிக்கு முன்கூட்டியே மூன்று வேளை கொடுக்கச் சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள் போனில் "இங்க நர்ஸே குடுக்கச் சொல்றாங்க" என்று சொன்னால் அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அந்த ஊசி நம் அரசு அட்டவணையில் இல்லை.

முன்கூட்டிக் கொடுக்கக் கேட்பவர்களில் பலருக்கு உள்ளே இருப்பது வலிப்பு பயம். மூத்த பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்திருக்கும். அவர்களை நான் ஒருபோதும் கடிந்துகொண்டதில்லை. ஆனால் பாராசிட்டமால் காய்ச்சல் வலிப்பைத் தடுப்பதில்லை. குழந்தையின் வேதனையைத் தணிக்கும், சூட்டைக் கொஞ்சம் இறக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல்தான் வரும். ஒன்றரை மாதக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் அதைக் காய்ச்சல் கணக்கில் எழுதாமல் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அப்படியானால் எப்போது கொடுப்பது? பென்டாவேலன்ட் போட்டால் காய்ச்சல் அன்று மாலையோ இரவோ ஆரம்பித்து, ஒன்றிரண்டு நாளில் போய்விடும். நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்வேன். 100.4 டிகிரியைத் தொட்டு, குழந்தையும் சிணுங்கிக்கொண்டு, பால் குடிக்க மனமில்லாமல் இருந்தால் ஒரு வேளை கொடுக்கலாம். சூடு இருந்தும் சிரித்துப் பால் குடித்தால் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, துணியைத் தளர்த்தி அடிக்கடி பால் கொடுத்தால் போதும். சூடே இல்லாமல், தொடை வலியால் தொட்டாலே வீறிட்டு அழுதாலும் ஒரு வேளை கொடுக்கலாம். ஒரு தடவை கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மறுபடி தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து. கடிகாரம் ஆறு மணி நேரம் காட்டியது என்பதற்காக அடுத்த வேளை கொடுக்கக் கூடாது, குழந்தைக்குத் தேவை இருந்தால்தான் கொடுக்க வேண்டும். ஒன்றரை மாதக் குழந்தை, குறைமாதத்தில் பிறந்தது, எடை குறைந்தது என்றால் ஊசி போட்டவரையோ டாக்டரையோ கேட்காமல் முதல் வேளையைக்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் கணக்கே வேறு. அதில் இருப்பது பலமிழந்த உயிர்க் கிருமி. அது உடம்பில் பெருக நாளாகும் என்பதால் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் வரும். அந்த ஊசியை மட்டும் போட்ட அன்று மருந்து கொடுப்பவர் இல்லாத ஒன்றுக்குக் கொடுக்கிறார். பத்தாம் நாள் காய்ச்சல் வரும்போது அதை ஊசியோடு சேர்த்துப் பார்க்கவும் மறந்துவிடுகிறார்.

மருந்தை நம்பிக் காத்திருக்கக் கூடாத நேரங்களையும் தாய்மார்களிடம் சொல்லித்தான் அனுப்புவேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை, எழுப்பினாலும் எழாத தூக்கம், உடம்பு துவண்டு வெளிறிப் போவது, வலிப்பு, பால் குடிக்கவே மறுப்பது, இரண்டு நாளைத் தாண்டியும் நிற்கும் காய்ச்சல். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு இந்தக் கடைசி இரண்டும் மிக முக்கியம். அந்த வயதில் உள்ளே வேறு தொற்று இருந்தாலும் வெளியே தெரிவது வெறும் காய்ச்சலாகத்தான் இருக்கும். அதை ஊசியின் காய்ச்சல் என்று நினைத்து மருந்தால் மூடி வைத்தால், டாக்டர் பார்க்க வேண்டிய நேரம் கைநழுவிப் போகும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஒரு புதன் இரவு, ஒன்பது மணி இருக்கும், போன் வந்தது. இரண்டரை மாதப் பையன், அன்று காலை ஊசி போட்டவன். அம்மாவுக்கு முதல் பிள்ளை, குரலில் அழுகை. "உடம்பு அனலா கொதிக்குது நர்சம்மா." தெர்மாமீட்டர் என்ன சொல்கிறது என்றேன். 101. பால் குடித்தானா? எட்டு மணிக்குக் கொஞ்சம் குடித்தான், இப்போது சிணுங்குகிறான். ஒன்றுக்குப் போனானா? ஒரு மணி நேரம் முன்பு துணி மாற்றினேன். கூப்பிட்டால் பார்க்கிறானா? பார்க்கிறான். அட்டையை எடுக்கச் சொன்னேன். அன்றைய எடை 5 கிலோ, பென்சிலில் 0.6 மில்லி. புட்டியைக் கையில் எடுத்து அதில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். "ஒரு மில்லியில் நூறு" என்று படித்தாள். சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னேன். தொடையில் வீங்கிய இடத்தில் எதையும் அரைத்துப் பூச வேண்டாம், தேய்க்க வேண்டாம், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை மேலாக வைத்தால் போதும். பத்து மணிக்கு மறுபடி அழைக்கச் சொன்னேன். அழைத்தபோது, பால் குடித்துத் தூங்கிவிட்டான் என்றாள்.

நான்கு வாரம் கழித்து மூன்றரை மாத ஊசிக்கு வந்தாள். அட்டையைப் பிரித்தேன். நான் எழுதிய 0.6-க்குப் பக்கத்தில், பேனாவில், அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "ராத்திரி 9.10". அதற்குக் கீழே வேறு எதுவும் இல்லை. பையனை எடை மேசையில் படுக்க வைத்தேன். 5.8 கிலோ. பழைய எண்ணை அழித்து 0.7 என்று எழுதி, சிரிஞ்சையும் தண்ணீர் டம்ளரையும் அவள் பக்கம் நகர்த்தினேன்.